எங்கள் வீட்டு முயலின் பெயர் நாளைக்கு

வணக்கம். என் மடியில் இருக்கிறாளே, இவளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். சாம்பல் நிறத் துணி முயல், ஒரு முழ நீளம், இடது காது கொஞ்சம் கசங்கியிருக்கும். மகள் மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். எழுந்திருப்பதற்குள் திருப்பி வைத்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் வாங்கி வந்திருக்கிறேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இவள் பாதத்தைப் பாருங்கள். கேமராவில் தெரிகிறதா? சின்னச் சின்ன ஊசித் துளைகள். இங்கே நான் நீல நூலில் 'நிலா' என்று தைத்திருந்தேன். அப்புறம் நானே பிரித்தேன். ஏன் பிரித்தேன் என்பதுதான் கதை.

அப்போது என் மகளுக்கு மூன்று வயது இரண்டு மாதம். இந்த முயலை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பார்சல் வர நான்கு நாள் தாமதமாகிவிட்டது. தினமும் அவள் கேட்பாள், "முயல் எப்ப வரும்?" நான் சொல்வேன், "நாளைக்கு வரும்டா." நான்கு நாளும் அதே கேள்வி, அதே பதில். முயல் வந்த ராத்திரியே, அவள் தூங்கின பிறகு, உட்கார்ந்து பெயரைத் தைத்தேன். காலையில் பார்த்ததும் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

பார்த்தாள். கட்டிப் பிடித்தாள். ஆனால் ஒரு வாரமாக 'நிலா' என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. நான்தான் "நிலா எங்க? நிலா சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் "அது அங்க இருக்கு" என்பாள். எட்டாவது நாள், நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையிலிருந்து குரல் கேட்டது: "நாளைக்குக்குப் பசிக்குது. நாளைக்குக்கு இட்லி வேணுமாம்."

முதலில் எனக்குப் புரியவில்லை. நாளைக்குப் பசிக்கும் என்று யாராவது சொல்வார்களா? எட்டிப் பார்த்தேன். முயலின் வாயில் விளையாட்டுக் கிண்ணத்தை வைத்து ஊட்டிக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் புரிந்தது. நான்கு நாளாக 'யார் வரப்போவது' என்று அவள் காத்திருந்தாள். நான் 'நாளைக்கு வரும்' என்றேன். அவளுக்கு அது வரப்போகிறவளின் பெயராகவே பதிந்துவிட்டது. 'கண்ணன் வருவான்', 'அத்தை வருவாங்க', 'நாளைக்கு வரும்'. அவள் இடத்தில் நின்று பார்த்தால் இந்த மூன்றும் ஒரே மாதிரி வாக்கியம்தான். மூன்று வயதில் நேற்று, நாளை எல்லாம் இன்னும் தெளிவாக இருக்காது. நடந்துபோன எல்லாமே 'நேத்து', வரப்போகிற எல்லாமே 'நாளைக்கு'.

அங்கே நான் ஒரு தப்பு செய்தேன். சிரித்துவிட்டேன். "அது நாளைக்கு இல்லடா, நிலா" என்று திருத்தினேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அன்று முழுக்க முயலைத் தொடவில்லை.

ராத்திரி படுத்துக்கொண்டே அவள் சொன்ன வாக்கியத்தை யோசித்தேன். 'நாளைக்குக்கு'. இரண்டு 'கு'. 'நாளைக்கு' என்பதில் ஏற்கெனவே ஒரு 'கு' இருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்று போட்டிருக்கிறாள். அவள் மனதில் அது காலத்தைச் சொல்லும் சொல்லாகவே இருந்திருந்தால் இன்னொரு வேற்றுமை உருபு ஒட்டவே ஒட்டாது. அதை ஒரு பெயராக எடுத்துக்கொண்டதால்தான் 'அம்மாவுக்குப் பசிக்குது', 'பாட்டிக்குப் பசிக்குது' மாதிரி 'நாளைக்குக்குப் பசிக்குது' என்று வந்தது. அது உளறல் இல்லை. இலக்கணப்படி யோசித்த பெயர். அதைத்தான் நான் சிரித்துக் கெடுத்தேன்.

இதில் ஒரு பழைய ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1974இல் நான்சி கேட்ஸ், எரிக்கா பேக்கர், ஜான் மெக்னமாரா மூன்று பேரும் வெளியிட்டது. சின்னக் குழந்தைகளிடம் ஒரு பொம்மையைக் காட்டி, இதன் பெயர் 'ஸாவ்' என்கிற மாதிரிச் சொன்னார்கள். வேறு குழந்தைகளிடம், இது 'ஒரு ஸாவ்' என்று, ஒரு வகைப் பொருளைச் சொல்வது போலச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசம் 'ஒரு' என்கிற குட்டிச் சொல்லில்தான் இருக்கிறது. பெயராகக் கேட்ட பெண் குழந்தைகள், ஒன்றரை வயதுகூட ஆகாதவர்கள், 'ஸாவ்' என்றதும் குறிப்பாக அந்தப் பொம்மையைத்தான் எடுத்தார்கள். மரக்கட்டைகளை வைத்துச் செய்தபோது இந்த வித்தியாசமே வரவில்லை. எந்தக் கட்டையானாலும் சரி என்று எடுத்தார்கள். அதாவது பேச்சு முழுதாக வருவதற்கு முன்னாலேயே, எதற்குப் பெயர் இருக்கும், எதற்கு இருக்காது என்று குழந்தைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பொம்மை அந்தக் கணக்கில் ஆள்களோடு சேர்கிறது.

நம் தமிழில் அந்த 'ஒரு'வை அப்படிக் கட்டாயமாகப் போட மாட்டோம். ஆனால் நமக்கு வேறு அடையாளம் உண்டு, அதுவும் ரொம்பத் தெளிவாகவே உண்டு. உங்கள் வீட்டில் காது கொடுத்துக் கேளுங்கள். குழந்தை அந்தப் பொம்மையை 'அது' என்கிறதா, 'அவ', 'அவன்' என்கிறதா? "அது விழுந்துடுச்சு" என்றால் இன்னும் பொருள்தான். "அவ விழுந்துட்டா" என்று வந்துவிட்டால் ஆளாகிவிட்டது. இன்னொன்று, 'பந்து எடு' என்று சொல்லலாம், 'அம்மா கூப்பிடு' என்று சொல்ல மாட்டோம், 'அம்மாவைக் கூப்பிடு' என்போம். குழந்தையும் 'பொம்மை குடு' என்பதிலிருந்து 'நாளைக்குவைக் குடு' என்று மாறும். என் மகள் நான் வைத்த பெயரோடு ஒரு வாரம் 'அது' என்றே சொன்னாள். பெயர் ஒட்டவில்லை என்று அன்றைக்கே நான் கண்டுபிடித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் கத்தரிக்கோல் எடுத்து அவள் முன்னாலேயே நூலைப் பிரித்தேன். "அம்மா தெரியாம வேற பேரு தச்சுட்டேன். இவ யாரு?" என்று கேட்டேன். "நாளைக்கு" என்றாள். "நாளைக்குவா? சரி" என்றேன், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் 'அவ' வந்துவிட்டது. "அவளுக்குக் கால் வலிச்சுதாம், நூல் குத்திச்சாம்."

கவனித்தீர்களா, நான் 'என்ன பேரு வைக்கலாம்?' என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு மூன்று வயதுக் குழந்தை கண்ணில் படுவதைச் சொல்லும். 'ஃபேன்', 'கதவு', 'பிஸ்கட்' என்று வரும். நாமும் பொறுமை இழந்து மூன்று பெயர் சொல்லி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம். அப்போது அது நம் பெயர்தான், குழந்தை தலையாட்டியது மட்டும்தான் மிச்சம். 'இவ யாரு?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். விளையாடும்போது தானாக வரும். வந்த பெயர் இரண்டு மூன்று நாள் கழித்தும் அதே பெயராக இருந்தால் அது நின்றுவிட்டது என்று அர்த்தம். மாறினாலும் குற்றமில்லை, மாற்றுகிறவள் அவளாக இருக்க வேண்டும்.

டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளரும்கூட. குழந்தைகள் விடாமல் கட்டிக்கொண்டு திரியும் துணி, பொம்மை பற்றி 1953இல் எழுதினார். அந்தப் பொருளைக் குழந்தை தவிர வேறு யாரும் மாற்றக் கூடாது என்கிறார். துவைப்பதுகூட ஒரு முறிவுதான் என்று சொல்லுமளவுக்குப் போகிறார். பெயரைப் பற்றியும் ஒரு வரி உண்டு. குழந்தை வைக்கும் பெயரில் பெரியவர்கள் பேசிய ஏதோ ஒரு சொல்லின் துண்டு பெரும்பாலும் கலந்திருக்கும் என்கிறார். படித்ததும் எனக்கு என் முயல்தான் நினைவுக்கு வந்தது. 'நாளைக்கு' என் வாயிலிருந்து போன சொல். நான்கு நாள் சமாதானத்துக்காகச் சொன்னது. அவள் அதை எடுத்து வேறொன்றாக்கித் திருப்பிக் கொடுத்தாள். இந்த வயதில் எல்லாச் சொல்லும் நம்மிடமிருந்துதான் அவர்களுக்குப் போகிறது. அவர்கள் ஒரு சொல்லை உண்டாக்கி, பெரியவர்கள் நாம் கற்றுக்கொண்டு பேசும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். அதனால்தான் எனக்கு இது இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

எங்கள் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ள நாளாயிற்று. அவள் அப்பாவுக்கு ஒரே நாள் போதும். என் மாமியார்தான், "பேரா இது? நல்லதா லட்சுமின்னு வையேன்" என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அவர்களே கேட்டார்கள், "நாளைக்கு தூங்கிட்டாளா?"

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. உண்மையான நாளையை என்னவென்று சொல்வது? 'நாளைக்கு ஸ்கூல் லீவு' என்றால் முயலுக்கு லீவு என்று ஆகிவிடும். அதனால் 'தூங்கி எழுந்ததும் ஸ்கூல் லீவு' என்று சொல்ல ஆரம்பித்தோம். அது அவளுக்கு முன்பைவிட நன்றாகவே புரிந்தது. எத்தனை தூக்கம் என்று விரல் விட்டு எண்ணுவாள்.

எந்தப் பெயரும் சரியா என்று கேட்பீர்கள். என் அக்கா மகன் துணி நாய்க்கு அவன் தாத்தா பெயரை வைத்தான். அவன் பாட்டி கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அக்கா மறுக்கவில்லை. "பாட்டி அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்களே, அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று அவனிடமே கேட்டாள். யோசித்துவிட்டு, "பாட்டிக்கு மட்டும் டைகர்" என்றான். தீர்ந்தது. உங்களால் ஏற்கவே முடியாதது ஏதாவது இருந்தால் காரணத்தைச் சொல்லி அவர்களிடமே விடுங்கள். நீங்களே வேறு பெயரை முடிவு செய்துவிட்டுக் கேட்பது போல் கேட்காதீர்கள்.

ஒன்று கண்டிப்பாக வேண்டாம். 'நாளைக்கு சொல்றா, நீ கீரை சாப்பிடணுமாம்' என்று நான் ஒருநாள் முயலுக்குக் குரல் கொடுத்துப் பார்த்தேன். அவள் முயலின் வாயைக் கையால் மூடிவிட்டாள். "நாளைக்கு அப்படிச் சொல்லல" என்றாள். அந்தக் குரல் அவளுடையது, எனக்கு அதில் பங்கில்லை.

கண்ணுக்குத் தெரியாத நண்பனுக்கும் இதே வழிதான். பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழன் இருந்திருக்கிறான். உயிருள்ளதாக நினைத்துப் பேசும் பொம்மைகளையும் சேர்த்த கணக்கு அது. பெயர் என்ன என்று கேளுங்கள், சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. நாளை என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். பெயரை மாற்றலாமா என்று அவள் அப்பா கேட்டதற்கு, "அவ பேரு அதுதானே" என்றாள். போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தாத்தா முயலைக் காட்டி, "இது பேரு என்னம்மா?" என்றார். "நாளைக்கு" என்றாள். "சரிம்மா, நாளைக்கே சொல்லு" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள், "அம்மா, இப்பவே சொல்லிட்டேனே?"