கடதாசி ஓரத்தில் மூன்று கோடு

(மாங்குளத்துக்கு அண்மையில் ஒரு கிராம வாசிகசாலையில், சுகாதாரத் தொண்டர்களுக்கும் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கும் தாதி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். உங்கள் கையில் இருக்கிற முதலாவது தாளைப் பாருங்கள். பேர் விபரம் எல்லாம் வெட்டிவிட்டுத்தான் படி எடுத்தேன். காலபோக அறுவடை நேரம் வந்த ஒரு ஐயாவின் ஈசிஜி அது. "மிஸ், நெஞ்சு நோவெண்டு ஒண்டும் இல்லை. வரம்பிலை நாலடி நடக்க இளைக்குது, அவ்வளவுதான்" என்றார். மணிக்கட்டில் நாடி பிடித்து முழு நிமிடம் எண்ணினேன். 84. நெஞ்சில் குழாயை வைத்து எண்ணினால் 100. இரண்டுக்கும் ஏன் கணக்கு ஒத்துவரவில்லை என்பதைத்தான் இந்தத் தாள் சொல்கிறது.

முதலில் கட்டத்தைப் படிப்போம். தாள் ஒரு செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடுகிறது. அப்படியென்றால் ஒரு சின்னக் கட்டம் 0.04 செக்கன், ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 செக்கன். முப்பது பெரிய கட்டம் ஆறு செக்கன்.

இனிக் கோடு. குடாச்சோணைக் கணுவில் பிறக்கிற மின் தூண்டல் இதயத்தின் மேல் அறைகளான சோணையறைகளில் பரவும்போது வருகிற சின்ன மேடுதான் பி அலை. பிறகு கோடு கொஞ்சம் தட்டையாக ஓடும். நடுவில் இருக்கிற கணு தூண்டலைத் தாமதிக்கிற நேரம் அது. அதற்குப் பின்னால் ஊசிபோல் எழும்புவது கியூஆர்எஸ், கீழ் அறைகளான இதயவறைகள் தூண்டப்படும் நேரம். சாதாரணமாக மூன்று சின்னக் கட்டத்துக்குள் முடிந்துவிடும். கடைசியாக வருகிற மேடு ரி அலை. அதை இன்றைக்கு விட்டுவிடுவோம்.

ஒழுங்கைக் கண்ணால் மதிக்கக் கூடாது, கண் ஏமாற்றும். அடியில் நீளமாக ஓடுகிற கோட்டின் கீழே ஒரு வெற்றுக் கடதாசியின் ஓரத்தைப் பிடியுங்கள். அடுத்தடுத்த மூன்று ஊசி முனைக்கு நேரே மூன்று கோடு கீறுங்கள். கடதாசியை அப்படியே நகர்த்துங்கள். மூன்று கோடும் அடுத்த முனைகளிலும் பொருந்தினால் லயம் ஒழுங்கு.

ஐயாவின் தாளில் எங்கே நகர்த்தினாலும் பொருந்தாது. முனைக்கும் முனைக்கும் இடையில் 14 சின்னக் கட்டம், பிறகு 22, பிறகு 11, 18, 13, 24. இதில் ஒரு கணக்குப் பிழை விடுகிறவர்கள் அதிகம். 1500 ஐ இடைவெளியால் வகுத்து வேகம் பார்ப்பார்கள். 11 ஐ எடுத்தால் 136 வரும், 24 ஐ எடுத்தால் 62. ஒழுங்கில்லாத லயத்துக்கு அந்த வழி சரிவராது. முப்பது பெரிய கட்டத்துக்குள் எத்தனை முனை என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். இதில் 10 முனை, ஆகவே 100.

ஒழுங்கின்மையிலும் வகை இருக்கிறது. இரண்டாவது தாள் ஒரு பொடியனுடையது. மூச்சு இழுக்க முனைகள் நெருங்கும், மூச்சு விட விலகும். ஒவ்வொரு முனைக்கு முன்னும் பி அலை இருக்கிறது. இளம் வயதில் இது இயல்பு. இன்னொருவருக்கு லயம் ஒழுங்காகப் போகும். இடையில் ஒன்று முந்தி விழுந்து, ஒரு இடைவெளி விட்டு, மறுபடி பழைய நடைக்கு வரும். ஐயாவுக்கு இந்த இரண்டும் இல்லை. எந்த ஒழுங்கும் இல்லாத ஒழுங்கின்மை, முனைக்கு முன்னால் பி அலையும் இல்லை, அந்த இடத்தில் காற்றடிக்கிற குளத்துத் தண்ணீர்போல் சின்னச் சிற்றலைகள். சோணையறைகள் சுருங்காமல் துடிதுடிக்கின்றன. நடுக்கணு அகப்பட்டதை மட்டும் கீழே விடுகிறது. சீக்கிரம் வருகிற துடிப்பில் இதயவறை நிரம்ப நேரமில்லை, அந்தத் துடிப்பு மணிக்கட்டுக்கு எட்டாது. காணாமற்போன 16 அதுதான்.

இளைப்பைவிடப் பயம் வேறொன்று. அசையாமல் தேங்குகிற இரத்தம் இடது சோணையறையில் உறைந்து, மூளைக்கு ஓடினால் பாரிசவாதம். வைத்தியர் அவருக்கு துடிப்பின் வேகத்தைக் குறைக்கிற மருந்தும், இரத்தம் உறைவதைத் தடுக்கிற வோபரினும் தொடங்கினார். வோபரினுக்காகத்தான் கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள்.

"அப்ப ஒழுங்காக இருந்தால் பயமில்லைத்தானே மிஸ்?" என்று முன்வரிசைத் தங்கச்சி கேட்கிறா. அப்படியில்லை. மூன்றாவது தாளில் முனைகள் அச்சொட்டாக ஒழுங்கு, ஆனால் நிமிடத்துக்கு 36 தான். கடதாசியில் இம்முறை பி அலைகளைக் குறியுங்கள். அவையும் ஒழுங்கு, ஆனால் தங்கள் பாட்டில், முனைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஓடுகின்றன. மேலிருந்து கீழே தூண்டல் போகவேயில்லை. அவரை அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றவேண்டியதாயிற்று.

மெசின் தாளின் மேலே அச்சடிக்கிற வசனத்தை நம்பி நிற்காதீர்கள். மாரி மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்த ஒருவருக்கும் அது ஐயாவின் வருத்தத்தையே எழுதியது. கோடு முழுக்கச் சிலிர்ப்பு, பி அலை தெரியவில்லை. கடதாசி ஓரத்தைப் பிடித்தால் முனைகள் ஒழுங்கு. போர்வை போர்த்தி, கால்மணித்தியாலம் விட்டுத் திரும்ப எடுத்தோம். பி அலை வரிசையாக நின்றது.

நாலாவது தாளுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வெற்றுக் கடதாசியும் பேனையும் பின்வரிசைக்கும் போகட்டும். மூன்று கோடு கீறிவிட்டுக் கையை உயர்த்துங்கள்.