நியமனக் கடிதம் தராத கடையில் எந்த நிபந்தனைகள் ஒப்புக்கொள்ளப்பட்டவை?

கேள்வி: “ஐயா, நான் கல்முனையில் ஒரு மின்சாதனக் கடையில் 22 மாதமாக வேலை செய்கிறேன். நியமனக் கடிதம் தரவில்லை. வட்ஸ்அப்பில் ‘அடிப்படைச் சம்பளம் 48,000, போக்குவரத்துக்கு 6,000, ஞாயிறு லீவு’ என்று அனுப்பித்தான் வேலைக்கு எடுத்தார்கள். காலை 9 மணி முதல் இரவு 7 மணி வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போக, வாரம் ஆறு நாள் வேலை. இப்போது அடிப்படை 30,000, கொடுப்பனவு 24,000 என்று ஒரு கடிதம் தந்து, அடுத்த மாதம் முதலாம் திகதி சேர்ந்ததாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கடிதமே இல்லாத எனக்குப் பேச உரிமை உண்டா?”

பதில்: தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடிதம் இல்லை என்பதற்காக உங்களுக்கும் முதலாளிக்கும் இடையில் ஒப்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் ‘வேலையாள்’ என்பவருக்குத் தரும் பொருள்கோடலே, ஒப்பந்தம் வெளிப்படையானதாக இருந்தாலும் உட்கிடையானதாக இருந்தாலும், வாய்மூலமாக இருந்தாலும் எழுத்து மூலமாக இருந்தாலும் செல்லும் என்று சொல்கிறது. நியமனக் கடிதம் தருவது, 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ், உங்களை வேலைக்கு அமர்த்தும் அன்றே முதலாளி செய்ய வேண்டிய கடமை. அவர் தவறவிட்ட கடமையை அவரே தமக்குச் சாதகமாகக் காட்ட முடியாது.

அப்படியானால் எது ஒப்புக்கொள்ளப்பட்ட நிபந்தனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் அனுப்பிய செய்தியில் இருந்தே தொடங்குங்கள். சம்பளம், போக்குவரத்து, ஞாயிறு விடுமுறை ஆகிய மூன்றும் அவர் முன்வைத்தவை. நீங்கள் சொன்ன நாளில் கடைக்குப் போய் வேலையைத் தொடங்கியபோது அவற்றை ஏற்றுக்கொண்டீர்கள். ‘சம்மதம்’ என்று நீங்கள் பதில் எழுதியிருக்காவிட்டாலும், வேலைக்குப் போனதும் முதல் மாதச் சம்பளத்தை வாங்கியதுமே சம்மதம். கைத்தொலைபேசிச் செய்தி என்பதாலும் அது வலுக் குறைந்ததாகாது. 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், ஒரு விடயம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செல்லாது என்று தள்ளிவிட இடம் தருவதில்லை. ஆனால் திரைப்பிடிப்பு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அனுப்பியவரின் இலக்கமும் திகதியும் தெரியும்படி முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய தொலைபேசியையும் விற்றுவிடாதீர்கள்.

அடுத்து, நடைமுறை. 22 மாதமும் ஒரே தொகை, 54,000 இல் உங்கள் சேமலாப நிதிப் பங்கான 3,840 போக 50,160, உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கிறது என்றால், அந்த வங்கிக் கூற்று அவருடைய செய்தியை ஒவ்வொரு மாதமும் உறுதிப்படுத்துகிறது. இதைவிடப் பலமான சான்று ஒன்று உண்டு, பலர் அதைப் பார்ப்பதே இல்லை: ஊழியர் சேமலாப நிதியத்தின் கூற்று. உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அடிப்படைச் சம்பளம் 48,000 என்றால் உங்களிடமிருந்து 3,840 ரூபாவும் அவரிடமிருந்து 5,760 ரூபாவும் சேர்ந்து மாதம் 9,600 ரூபா போயிருக்க வேண்டும். அந்தத் தொகை அங்கே இருந்தால், அடிப்படை 48,000 என்று முதலாளியே அரசாங்கத்துக்கு அறிவித்திருக்கிறார். முதல் பங்களிப்பு எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் சேர்ந்த திகதிக்கு அதுதான் சாட்சி. தொகை குறைவாக இருந்தால் அது தனி முறைப்பாடு.

நடைமுறையில் நடப்பதெல்லாம் நிபந்தனையாகிவிடுமா என்றால், ஆகாது. கடையில் எல்லோருக்கும் தினமும் மதியச் சாப்பாடு கொடுத்து வருகிறார்கள், ஒருநாளும் தவறவில்லை, ‘விரும்பினால்தான் தருவோம்’ என்றும் யாரும் சொன்னதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் செய்தியில் அந்தச் சொல்லே இல்லாவிட்டாலும், அது வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது என்று வாதிட இடமுண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு முதலாளி தந்த கைவிசேஷம் அப்படியல்ல. ஒரு வருடம் 5,000, அடுத்த வருடம் 2,000, ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று அவர் மனம் போலக் கொடுத்தது அன்பளிப்பு. அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்டால் உங்கள் நியாயமான கோரிக்கையும் பலவீனப்படும். ஒழுங்காகவும், ஒரே அளவிலும், முதலாளிக்குத் தெரிந்தும், அவருடைய தனி விருப்பத்தில் தங்காமலும் நடந்ததா என்பதே நான் பார்க்கும் அளவுகோல்.

நடைமுறைக்கு இன்னொரு எல்லை உண்டு. சட்டம் தருவதை நடைமுறையால் குறைக்க முடியாது. நீங்கள் காலை 9 மணி முதல் இரவு 7 மணி வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போக, ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம், வாரம் ஆறு நாள் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது 54 மணித்தியாலம். சட்டத்தின் எல்லை 45. ‘இரண்டு வருடமாக மேலதிக நேரக் காசு கேட்காமல்தானே இருந்தீர்கள்’ என்று சொல்வார்கள். அந்த மௌனம் சட்டப்படி சம்மதமாகாது. அடிப்படைச் சம்பளத்தை 240 ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 200 ரூபா, அதன் ஒன்றரை மடங்கு 300 ரூபா. மேலதிகமான 9 மணித்தியாலத்துக்கு வாரம் 2,700 ரூபா உங்களுக்குச் சேர வேண்டும்.

இப்போது அந்தப் புதிய கடிதத்தைப் பாருங்கள். மொத்தச் சம்பளம் அதே 54,000 தான், ஆதலால் எதுவும் மாறவில்லை என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அடிப்படை 30,000 ஆனால் மேலதிக நேரத்தின் மணித்தியால வீதம் 187 ரூபா 50 சதமாகிறது. முதலாளி கட்டும் சேமலாப நிதிப் பங்கு, அவர்கள் அடிப்படையில் மட்டும் கணக்குப் போட்டால், 5,760 இலிருந்து 3,600 ஆக இறங்குகிறது. சேர்ந்த திகதி மாறுவது இதைவிட மோசம் என்பது என் அபிப்பிராயம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால், பணிக்கொடைக்கு வேண்டிய ஐந்து வருடத்தில் ஏற்கெனவே கழிந்த 22 மாதமும் ஒரு கையெழுத்தோடு தாளில் இருந்து மறைந்துவிடும். 14 நாள் வருடாந்த விடுமுறையும் புதிதாகச் சேர்ந்தவரின் கணக்கில் இருந்து தொடங்கும்.

ஆகவே அதை அப்படியே கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டால் ‘கிடைத்தது, நிபந்தனைகளை ஏற்கவில்லை’ என்று திகதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். பின் இரண்டு மூன்று நாளுக்குள், மரியாதையான சொற்களில், முதலில் ஒப்புக்கொண்ட சம்பளத்தையும் நீங்கள் உண்மையில் சேர்ந்த திகதியையும் குறிப்பிட்டு, அவற்றின்படி நியமனக் கடிதம் தரும்படி எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சண்டை பிடிக்க வேண்டிய தேவை இல்லை. பல முதலாளிகள் கணக்காளர் எழுதிக் கொடுத்ததைத்தான் நீட்டுகிறார்கள், எழுத்தில் காட்டினால் திருத்தித் தருவதையும் நான் கண்டிருக்கிறேன். திருத்தாவிட்டால், வேலையில் இருந்துகொண்டே உங்கள் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் சம்பளக் குறைப்பு, மேலதிக நேரம், சேமலாப நிதி பற்றி முறையிடலாம்.

கையெழுத்திடாததற்காக வேலையை விட்டு நிறுத்தினால் விடயம் தொழில் நியாய சபைக்குப் போகும். நிறுத்திய நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று இருந்து அந்தக் காலத்தைத் தவறவிட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். எழுதிய ஒப்பந்தத்துக்கு மாறாகக்கூட நியாயமான நிவாரணம் தர அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆதலால் யாராவது ஏற்கெனவே இப்படியான கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், பழைய செய்தியையும் வங்கிக் கூற்றையும் எடுத்துக்கொண்டு வரட்டும்.