28 நாள், 80 கட்டம்: பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு திருப்புதல் அட்டவணை

[திரையில்: ஒரு வெள்ளைத்தாள், அளவுகோல், பென்சில். பக்கத்தில் திருத்தப்பட்ட ஐந்து விடைத்தாள்கள்.]

வணக்கம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப் போகும் ஒரு மாணவிக்கு, தேர்வுக்கு முந்தைய நான்கு வாரத்துக்கான அட்டவணையை இந்த வீடியோவில் முழுவதுமாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். அளவுகோலை எடுப்பதற்கு முன்னால், பள்ளியில் கடைசியாக நடந்த திருப்புதல் தேர்வின் விடைத்தாள்களை எடுத்து வையுங்கள். அட்டவணை பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து பிறக்கக் கூடாது. அந்தச் சிவப்பு மையிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

பலரும் திங்கள் தமிழ், செவ்வாய் ஆங்கிலம் என்று ஐந்து பாடத்தையும் சமமாகப் பங்கு போட்டுவிடுகிறார்கள். பார்க்க நியாயமாகத் தெரிகிறது. ஆனால் தமிழில் 88 வாங்கியவரும் கணிதத்தில் 60 வாங்கியவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பதில் நியாயம் எதுவும் இல்லை.

[திரையில்: இழந்த மதிப்பெண்கள். தமிழ் 12, ஆங்கிலம் 16, கணிதம் 40, அறிவியல் 32, சமூக அறிவியல் 28. மொத்தம் 128.]

நம் மாணவியின் கணக்கு இது. அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு நடப்பதால் அதில் 43 போக 32 இழந்திருக்கிறார். மற்ற நான்கும் நூற்றுக்கு.

இனி நேரத்தைக் கணக்கிடுவோம். ஒரு மணி நேரத்தை ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி நாட்களில் காலையில் ஒன்று, மாலையில் இரண்டு, ஆக மூன்று கட்டம். அதற்கு மேல் எழுதிவைத்தால் தாளில் மட்டும்தான் இருக்கும். சனிக்கிழமை விடுமுறை என்றால் ஐந்து கட்டம். ஞாயிறு முழு ஓய்வு. வாரத்துக்கு 20 கட்டம், நான்கு வாரத்துக்கு 80.

இந்த எண்பதையும் நிரப்பிவிடாதீர்கள். வாரத்துக்கு நான்கு கட்டத்தை வெறுமையாக விடுங்கள்: புதன் இரவு ஒன்று, வெள்ளி இரவு ஒன்று, சனிக்கிழமை பிற்பகலில் இரண்டு. காய்ச்சல் வரும், வீட்டுக்கு விருந்தினர் வருவார்கள், ஒரு பாடம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். இவை எல்லாம் வந்து விழுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாத அட்டவணை பெரும்பாலும் முதல் வாரத்திலேயே குலைந்துபோகிறது. குலைந்த பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மீதி 64 கட்டம். இழந்த மதிப்பெண் 128. ஆக, இழந்த இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் என்று பிரிக்கலாம். கணிதத்துக்கு 20, அறிவியலுக்கு 16, சமூக அறிவியலுக்கு 14, ஆங்கிலத்துக்கு 8, தமிழுக்கு 6. விளக்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் என்பதால் மீதியில்லாமல் வகுபடுகின்றன. உங்கள் கணக்கில் பின்னம் வந்தால் பக்கத்து முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நன்றாக வரும் பாடமாக இருந்தாலும் வாரத்துக்கு ஒரு கட்டத்துக்குக் கீழே இறக்காதீர்கள். மனப்பாடப் பாடலும் இலக்கணமும் நான்கு வாரம் தொடாமல் விட்டால் கைநழுவிவிடும்.

[திரையில்: கணித விடைத்தாள். இழந்த 40 மதிப்பெண், பாடவாரியாக.]

இப்போது பாடத்துக்குள் இறங்குவோம். கணிதத்தில் அந்த 40 எங்கே போயின என்று விடைத்தாளைப் புரட்டி எண்ணினால் இப்படி வருகிறது: முக்கோணவியல் 10, அளவியல் 9, வடிவியல் வரைபடம் 8, இயற்கணிதம் 6, ஒரு மதிப்பெண் வினாக்கள் 4, மற்றவை 3. மாணவியைக் கேட்டால் "எனக்கு முக்கோணவியல்தான் கஷ்டம்" என்பார். விடைத்தாள் அதை மறுக்கவில்லை. ஆனால் அது இன்னொன்றையும் காட்டுகிறது: எட்டு மதிப்பெண் வடிவியல் வரைபடத்தை அவர் தொடவே இல்லை.

கணித வினாத்தாளின் கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு. ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடத்தாளில் வரைவது. வடிவியலில் வரக்கூடிய வகைகள் மிகக் குறைவு: வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து வரையும் முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு. இவற்றுக்குள் சில உட்பிரிவுகள், அவ்வளவுதான். கவராயத்தைக் கையில் எடுத்து மூன்று கட்டம் உட்கார்ந்தால் எட்டு மதிப்பெண் கைக்கு வந்துவிடும். முக்கோணவியலின் பத்து மதிப்பெண்ணுக்கு ஐந்து கட்டம் வேண்டியிருக்கும். ஆகவே பலவீனமான பகுதிகளை வரிசைப்படுத்தும்போது எது கஷ்டம் என்று பார்க்காமல், ஒரு கட்டத்துக்கு எத்தனை மதிப்பெண் திரும்பி வரும் என்று பாருங்கள். முதல் வாரத்தில் வடிவியல். கூடவே முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் பகுதி. முற்றொருமைகளை நிறுவும் கணக்குகளுக்குப் பயிற்சி அதிகம் தேவை என்பதால் அவை இரண்டாம் வாரத்துக்குப் போகட்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஓர் எழுத்து போடுங்கள். பாடமே புரியவில்லை என்றால் "பு". படித்தது மறந்துபோனால் "ம". தெரிந்தும் அவசரத்தில் தவறவிட்டால் "அ". இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. "பு" என்று குறித்தவற்றுக்கு ஆசிரியரோ புரிந்த தோழியோ வேண்டும். தனியாக ஒரு மணி நேரம் புத்தகத்தை வெறித்துப் பார்ப்பதில் பயன் இல்லை. அவற்றை மறுநாள் பள்ளியில் கேட்கும்படி மாலைக் கட்டத்தில் வையுங்கள். "ம" என்பவற்றுக்குத் திரும்பத் திரும்பத் தொடுவதுதான் வழி. "அ" என்பவற்றுக்குத் தனிக் கட்டமே வேண்டாம். அவை சனிக்கிழமை மாதிரித் தேர்வில் நேரம் வைத்து எழுதும்போது சரியாகும்.

[திரையில்: முதல் வார அட்டவணை.]

| நாள் | காலை | மாலை 1 | மாலை 2 |
|---|---|---|---|
| திங்கள் | சமூக அறிவியல்: முதல் உலகப்போர் | கணிதம்: தொடுகோடு வரைதல் | தமிழ்: அலகிடுதல் |
| செவ்வாய் | அறிவியல்: ஒளியியல் | கணிதம்: உயரங்களும் தொலைவுகளும் | சமூக அறிவியல்: இந்திய நிலவரைபடம் |
| புதன் | கணிதம்: தொடுகோடு (2), வடிவொத்த முக்கோணம் | அறிவியல்: கார்பனும் அதன் சேர்மங்களும் | வெறுமை |
| வியாழன் | சமூக அறிவியல்: முதல் உலகப்போர் (2), நிலவரைபடம் (2) | கணிதம்: உயரங்களும் தொலைவுகளும் (2) | ஆங்கிலம்: பத்தி வினாக்கள் |
| வெள்ளி | அறிவியல்: ஒளியியல் (2) | தமிழ்: மனப்பாடப் பாடல்கள் | வெறுமை |
| சனி | கணிதம்: முழு மாதிரித் தேர்வு, 3 கட்டம் | வெறுமை | வெறுமை |
| ஞாயிறு | ஓய்வு | ஓய்வு | ஓய்வு |

அடைப்புக்குறிக்குள் 2 என்று இருப்பதைக் கவனியுங்கள். இந்த அட்டவணையின் உயிர் அதுதான். திங்கள் மாலை வரைந்த தொடுகோடு புதன் காலை மறுபடி வருகிறது. அடுத்த வாரம் மூன்றாவது முறையாகவும் வரும். படித்தது முதல் சில நாட்களில்தான் வேகமாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம்மையே சோதித்து 1885இல் எழுதினார். ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட அதையே மூன்று நாளாகப் பிரித்துப் படிப்பது மனத்தில் நிற்பதற்குக் காரணமும் இதுதான்.

இரண்டாம் முறை என்பது மறுபடி வாசிப்பது அல்ல. புத்தகத்தை மூடிவைத்து, வெறும் தாளில் உதவிப்படம் போட்டு, வரைந்து முடித்த பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும். இருபது நிமிடம் போதும், மீதி நேரத்தில் அடுத்த வகைக்குப் போகலாம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். தேர்வறையில்தான் தெரியவில்லை என்று தெரியும்.

ஒவ்வொரு கட்டத்திலும் பாடத்தின் பெயரோடு பகுதியின் பெயரும் இருக்கிறது. "அறிவியல்" என்று மட்டும் எழுதினால், உட்கார்ந்த பிறகு எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும். கடைசியில் ஏற்கெனவே தெரிந்த பாடத்தைத்தான் கை எடுக்கும்.

சனிக்கிழமைத் தேர்வு வாரம் ஒரு பாடமாகச் சுழலும்: கணிதம், அறிவியல், சமூக அறிவியல், ஆங்கிலம். மூன்று மணி நேரம் இடையில் எழாமல் எழுத வேண்டும். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிப் பழகாத கை, கடைசி எட்டு மதிப்பெண் வினாவுக்கு வரும்போது தளர்ந்துவிடும்.

[திரையில்: அதே அட்டவணை. புதன் மாலை கார்பன் கட்டத்தின்மேல் குறுக்குக்கோடு.]

புதன் மாலை உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கார்பன் பாடம் போயிற்று, அன்று இரவு வெறுமைக் கட்டமும் போயிற்று. அதை வியாழன் மாலைக்குள் திணிக்காதீர்கள். அப்படித் திணித்தால் வியாழனுடைய பாடம் வெள்ளிக்குத் தள்ளப்படும், வெள்ளியுடையது சனிக்கு. தவறிய கட்டம் அடுத்து வரும் வெறுமைக் கட்டத்துக்கு மட்டுமே போகலாம். இங்கே அது வெள்ளி இரவு. சனி மாலை வந்தும் வேலை மிச்சம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளக் கூடாது. மிச்சம் இருப்பவற்றில் குறைந்த மதிப்பெண் தரும் பகுதியை வெட்டிவிடுங்கள். ஓய்வு நாளில் ஒரு முறை கைவைத்தால் அடுத்தடுத்த ஞாயிறுகளும் போய்விடும். தூக்கம் குறைந்த மாணவி திங்கள் காலைக் கட்டத்தில் உட்கார்ந்திருப்பார், ஆனால் எதுவும் மனத்தில் ஏறாது. பெற்றோர் இந்த வீடியோவைப் பார்த்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஞாயிறன்று பிள்ளை கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்து "தேர்வு வருகிறதே" என்று சொல்லாதீர்கள். அதுவும் அட்டவணையில் எழுதியிருக்கிற வேலைதான்.

முடிந்த கட்டத்துக்கு ஒரு சரிக்குறி போடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் பாதிக்கும் குறைவாகவே சரிக்குறி இருந்தால் கட்டங்களின் எண்ணிக்கை அதிகம் என்று பொருள். மாலை இரண்டை ஒன்றாகக் குறைத்து, மதிப்பெண் குறைவாகத் தரும் பகுதிகளை விட்டுவிடுங்கள். ஒரே பாடம் திரும்பத் திரும்பத் தவறினால் அது வேறு சிக்கல்: அந்தப் பாடம் தவறான நேரத்தில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வைத்த முக்கோணவியலைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். இரவில் மனப்பாடப் பாடலோ நிலவரைபடமோ இருக்கட்டும்.

நான்காம் வாரத்தை மட்டும் தனியாகப் போட வேண்டும். பொதுத்தேர்வு வழக்கமாகத் தமிழில் தொடங்கும். எனவே தமிழுக்கான ஆறு கட்டங்களை வாரம் 2, 1, 1, 2 என்று பிரித்து, கடைசி இரண்டைத் தேர்வுக்கு மிக அருகில் வையுங்கள். அந்த வாரத்தில் புதிய பகுதி எதையும் தொடங்க வேண்டாம். எல்லாமே இரண்டாம், மூன்றாம் முறைகளாக இருக்கட்டும். தேர்வுகளுக்கு நடுவே வரும் இடைவெளி நாட்களில் இந்த அட்டவணை செல்லாது. அடுத்து எழுதப் போகும் பாடம் ஒன்று மட்டும்தான், அதிலும் "ம" என்று குறித்த பகுதிகள் முதலில்.