மூன்று வாரம் தாண்டிய தொண்டைக்கட்டு

(அரசுப் பேருந்து ஓட்டுநர்கள், நடத்துநர்களுக்கான கூட்டத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். குரலை வைத்துப் பிழைப்பவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்குத் தொண்டை கட்டினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்வதில்லை. "நாள் முழுக்கக் கத்துறேன், கட்டாம என்ன செய்யும்?" என்று காரணம் தயாராக இருக்கிறது. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: "எனக்கு எப்பவுமே கரகரப்புதான்." காரணம் கையிலேயே இருப்பதால் யாரும் தொண்டைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் கரகரப்பு சில சமயம் குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான்.

சளி பிடித்து, காய்ச்சல் வந்து, குரல் கம்மினால் அது பெரும்பாலும் வைரஸ் கிருமியின் வேலை. தொண்டைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகளான குரல்நாண்கள் வீங்கும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். கத்தியதால் வந்த கரகரப்பும் பேச்சைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் அதே அளவு நாளில் குறையும். மிளகும் கல்கண்டும், அதிமதுரமும் வெந்நீரும் அந்த இரண்டு வாரத்துக்குச் சரி. மூன்றாவது வாரமும் முடிந்து குரல் திரும்பவில்லை என்றால், சளி என்ற விளக்கம் அதற்கு மேல் செல்லாது. அப்போது குரல்நாண்களை நேரில் பார்த்தாக வேண்டும்.

ஆணின் குரல்நாண் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். பேசும்போது இரண்டும் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்ந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. அதன் விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு தடிப்பு வந்தாலே போதும், சேர்க்கை கெட்டு, குரல் மாறிவிடும். வலி இருக்காது, விழுங்கச் சிரமம் இருக்காது, நன்றாகச் சாப்பிடுவார், வேலைக்குப் போவார். குரல் மட்டும்தான் மாறியிருக்கும். உடம்பில் வேறு எந்த இடத்துப் புற்றுநோயும் இவ்வளவு சின்னதாக இருக்கும்போதே இப்படிச் சத்தமாக அறிவிப்பது அபூர்வம். இன்னொரு நல்ல விஷயம், குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் அங்கே தொடங்கும் புற்று கழுத்து நெறிகளுக்குப் பரவ நாளாகும். அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால், லேசர் அறுவையோ சில வாரக் கதிர்வீச்சோ போதும். பத்தில் ஒன்பது பேருக்கு அந்த இடத்தில் நோய் அடங்கிவிடுகிறது, குரலும் மிஞ்சுகிறது. விட்டுவிட்டால் புற்று தசைக்குள் இறங்கி நாணை அசையாமல் செய்துவிடும். அப்புறம் பலருக்குக் குரல்வளையையே எடுத்துவிட்டு, கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சுவிட வைக்க வேண்டியிருக்கும்.

ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்கின் கதையைச் சொல்கிறேன். அவரும் புகைபிடிப்பவர். 1887 ஜனவரியில், 55 வயதில், அவர் குரல் கரகரத்தது. முதலில் சளி என்றே நினைத்தார்கள். மார்ச்சில் ஒரு பேராசிரியர் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது இடது குரல்நாணின் விளிம்பில் சிறு தடிப்பு. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதைத் திரும்பத் திரும்பச் சுட்டார்கள், அது மறுபடி வளர்ந்தது. சுட்டும் போகாமல் வளர்கிறது என்பதே பெரிய எச்சரிக்கை. மே மாதம் அறுவை செய்யலாம் என்று ஜெர்மன் மருத்துவர்கள் முடிவு செய்த நேரத்தில், லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட தொண்டை மருத்துவர் மோரெல் மெக்கன்சி, முதலில் சதையை எடுத்துச் சோதிக்கலாம் என்றார். கேட்கச் சரியான யோசனைதான். துண்டைச் சோதித்தவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோ. அவருக்குக் கிடைத்த துண்டுகளில் புற்று தெரியவில்லை. அறுவை கைவிடப்பட்டது. நவம்பரில் புற்றுநோய் என்பது உறுதியானது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளை போட்டார்கள். மார்ச்சில் பேச முடியாத நிலையில், சீட்டு எழுதிக் காட்டியபடி அரியணை ஏறினார். 99 நாளில், ஜூன் 15 அன்று இறந்தார்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்று உண்டு. சதைச் சோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்தும் குரல் சரியாகவில்லை என்றால், அல்லது தடிப்பு மறுபடி வளர்ந்தால், கதை முடிந்ததாக விடக்கூடாது. எடுத்த துண்டு மேலோட்டமாகவோ ஓரத்திலிருந்தோ வந்திருக்கலாம். மறுபடி பார்க்க வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும்.

இன்றைக்கு நாள் வீணாவது வேறு விதத்தில். ஒரு வாரம் ஆன்டிபயாடிக், அப்புறம் ஒரு மாதம் அசிடிட்டி மாத்திரை, நடுவில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. அந்த ஊசி போட்டதும் வீக்கம் வடிந்து குரல் கொஞ்சம் தெளியும். "சரியாயிடுச்சு டாக்டர்" என்பார். சில நாளில் பழையபடி கரகரக்கும். சிலர் நேராகக் கழுத்துக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நாணின் விளிம்பில் இருக்கும் சின்னப் புண் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், ஸ்கேன் அதற்குப் பிறகு.

அந்தப் பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மயக்க மருந்து கிடையாது, படுக்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்போம், தொண்டைக்குள் கசப்பு இறங்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள வளையும் குழாய் மூக்கு வழியாகப் போகும். கண்ணில் நீர் வரும், தும்மல் வரும்போல இருக்கும். பிறகு "ஈ..." என்று சொல்லச் சொல்வோம். திரையில் இரண்டு வெள்ளை நாண்கள் வந்து சேர்வதை நீங்களே பார்க்கலாம். மூச்சு இழுக்கச் சொன்னால் இரண்டும் விலகும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். மரப்பு நீங்கும் வரை, ஒரு மணி நேரம்போல, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும், புரையேறிவிடும்.

நாங்கள் பார்ப்பது இரண்டு விஷயம்: விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா, இரண்டும் ஒரே மாதிரி அசைகின்றனவா. வெள்ளைத் திட்டோ சொரசொரப்பான வளர்ச்சியோ இருந்தால், மயக்கம் கொடுத்து மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துச் சதை எடுப்போம். பார்த்தவரையில் கத்திக் கத்தி வரும் சிறு முடிச்சு, புகையால் வரும் நீர்வீக்கம், சில சமயம் காசநோய் என்று வேறு காரணம் கிடைப்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது.

விளிம்பு சுத்தமாக இருந்து இடது நாண் மட்டும் அசையாமல் நின்றால், புகைபிடிப்பவர் விஷயத்தில் நாங்கள் நெஞ்சைப் பார்ப்போம். இடது நாணை இயக்கும் நரம்பு கழுத்தோடு நிற்காது. நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அந்த வழியில் நுரையீரல் புற்று அதை அழுத்தினாலும் முதலில் மாறுவது குரல்தான். இருமல்கூட இல்லாமல், காற்று கலந்த குரலோடு மட்டும் வருபவர்கள் உண்டு.

மூன்று வாரம்வரை காத்திருக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், விழுங்கத் தடை, ஒரு பக்கக் காதில் மட்டும் குத்தல், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே வாருங்கள். மூச்சு இழுக்கும்போது விசில்போல சத்தம் வந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்கு.

வரும்போது மூன்று தகவல் கையில் இருக்கட்டும். குரல் எந்தத் தேதியில் மாறியது, நடுவில் ஒரு நாளாவது முழுசாகத் தெளிந்ததா. எத்தனை வருடமாக, நாளுக்கு எத்தனை பீடி அல்லது சிகரெட், விட்டிருந்தால் எப்போது விட்டீர்கள். இதுவரை போட்ட மாத்திரைச் சீட்டுகள், முக்கியமாக ஊசிச் சீட்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புறநோயாளிச் சீட்டு வாங்கி, "குரல் கரகரத்து மூன்று வாரம் தாண்டிவிட்டது, குரல்நாணைப் பார்க்க வேண்டும்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள்.