சினைப்பைகளை எடுத்த பிறகு வரும் மெனோபாஸ்

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில் மகளிர் மருத்துவராக இருக்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்: இரண்டு சினைப்பைகளையும் ஆபரேஷனில் எடுத்துவிட்ட பெண்ணுக்கு என்ன ஆகிறது என்பது.

சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். வயது 42. கர்ப்பப்பையில் கட்டி, இரண்டு சினைப்பைகளிலும் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய். மூன்றையும் சேர்த்து எடுத்தாயிற்று. நான்காம் நாள் இரவு மார்பிலிருந்து சூடு குபுகுபுவென்று கழுத்து, முகம் வரை ஏறுகிறது, நைட்டி நனைந்துபோகிறது, ஐந்து நிமிடத்தில் குளிர்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதேதான். பக்கத்தில் படுத்திருக்கும் மாமியார், "பிப்ரவரி வெயில்மா, டர்பன்ல யாருக்குத்தான் வேர்க்கல?" என்கிறார். கணவருக்குக் காய்ச்சலோ என்று பயம்.

காய்ச்சலா இல்லையா என்பதை எளிதாகப் பார்த்துவிடலாம். சூடு ஏறும்போது தெர்மாமீட்டர் வையுங்கள். மெனோபாஸில் வரும் ஹாட் ஃப்ளஷ் என்ற திடீர்ச் சூடாக இருந்தால் அளவு ஏறக்குறைய வழக்கம்போலவே இருக்கும், சில நிமிடங்களில் அடங்கியும் விடும். 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், நடுக்கம் வந்தால், தையலில் சீழோ துர்நாற்றமோ இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த மாமியாருக்கும் ஒரு காலத்தில் இந்தச் சூடு வந்திருக்கும். ஆனால் அவருடைய சினைப்பைகள் வருஷக்கணக்கில் ஏறி இறங்கித்தான் ஓய்ந்தன. மாதவிலக்கு தள்ளிப்போய், தவறி, ஐம்பது ஐம்பத்தொன்று வாக்கில் நின்றிருக்கும். மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைத்தது. மருமகளுக்கு அந்த அவகாசமே இல்லை. ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில், சினைப்பை சுரந்துகொண்டிருந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் சூடு அடிக்கடி வருகிறது, கடுமையாகவும் வருகிறது. தூக்கம் கெடுகிறது; காரணமில்லாமல் அழுகை வருகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இயல்பாக மாதவிலக்கு நின்ற பிறகும் சினைப்பை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொஞ்சம் சுரந்துகொண்டுதான் இருக்கும். எடுத்துவிட்டால் அதுவும் பாதியளவு குறைந்துவிடும். தாம்பத்திய ஆசை சட்டென்று வற்றிப்போனதாகச் சில பெண்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கணவன்மார்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது.

சரி, பொறுத்துக்கொண்டால் போகாதா? சூடு ஒருநாள் தணியலாம். ஆனால் 42 வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். ஆகவே தடை ஏதும் இல்லாதவர்களுக்கு, இயல்பாக நிற்கும் வயதான 51 வாக்கு வரைக்கும் ஹார்மோன் கொடுப்பதுதான் முறை. இழந்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவே. ஹார்மோன் மாத்திரை ஆபத்து என்று 2002-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று கிளப்பிய பீதியில் பல பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. நம் ஆசிரியையின் கதை வேறு.

கர்ப்பப்பை இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை இருந்தால் அதன் உட்சவ்வைக் காக்கப் புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்க்க வேண்டும். நம் ஆசிரியைக்கு இருந்ததுபோல எண்டோமெட்ரியோசிஸ் எங்காவது மிச்சம் இருக்கலாம் என்றாலும் சேர்ப்பதுண்டு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாகவும் வருகிறது, தோலில் ஒட்டும் பேட்ச்சாகவும் வருகிறது. ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவருக்குப் பேட்ச்தான் மேல். இளம் வயதினருக்குக் கூடுதல் அளவு தேவைப்படலாம்; ஆரம்ப அளவு பற்றவில்லை என்றால் மருந்தே வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

பேட்ச் போடுகிறவர்களுக்கு நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு தொல்லை உண்டு. குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிய உடம்பில் அது நிற்காது. ஓரம் கிளம்பும், அடுத்த ஓரிரு நாளில் சூடு திரும்பிவிடும். அடிவயிற்றிலோ பிட்டத்திலோ, நன்றாகத் துடைத்துக் காய்ந்த, எண்ணெய் படாத இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்துங்கள். மார்பில் ஒட்டவே கூடாது. வேனலில் நிற்கவே மாட்டேன் என்கிறதா, மாத்திரைக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கு ஹார்மோன் பொதுவாகக் கொடுப்பதில்லை. அவருக்கு வென்லஃபாக்சின், கபாபென்டின் போன்ற வேறு மருந்துகள் சூட்டைக் குறைக்கும். அந்தப் புற்றுநோய்க்காக டமொக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மனச்சோர்வு மருந்துகள் அதன் வேலையைக் கெடுத்துவிடும்.

அப்புறம், "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொல்கிற பலருக்குச் சினைப்பை இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். பி.எஸ்.ஓ. என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளும், அவற்றின் குழாய்களும் போய்விட்டன. வந்திருப்பது மெனோபாஸ்தானா என்று உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை தேவையில்லை. அந்தத் தாளே போதும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.