ஊக்கத்தொகையை எதற்குக் கொடுப்பது?

வணக்கம்ங்க. ஈரோட்டில் ஒரு நடுத்தர ஜவுளிக்கடை, விற்பனைக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி நல்ல மனதோடு, "அவரவர் விற்றதில் நூற்றுக்கு ஒரு ரூபாய் அவரவருக்கு" என்று சொல்லிவிடுகிறார். முதல் மாதம் விற்பனை கூடும். அப்புறம் பாருங்கள், ஆறு பேரும் பட்டுப்புடவைப் பக்கமே நிற்பார்கள். பவானி ஜமக்காளம் கேட்டு வந்தவருக்கு, "அது மாடியில இருக்குங்க" என்று கைகாட்டுவதோடு சரி. பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்க ஆள் இருக்காது. மடித்தால் கமிஷன் இல்லையே! இரண்டாயிரத்துக்குள் சேலை எடுக்க வந்த அக்காவின் தலையில் நாலாயிரம் ரூபாய்ச் சேலையைக் கட்டிவிடுவார்கள். அடுத்த வாரமே அது மாற்ற வரும்.

ஆட்களைக் குறை சொல்லி என்ன செய்ய? காசு எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் செய்கிறார்கள். அதனால் கணக்கைத்தான் மாற்ற வேண்டும்.

தனித்தனிக் கமிஷனை எடுத்துவிட்டு, கடைக்கே ஒரு பொதுத்தொகை வையுங்கள். மாத விற்பனை 12,60,000 ரூபாய். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்த துணி 60,000. அதைக் கழித்தால் 12,00,000. அதில் அரை சதவீதம் 6,000 ரூபாய். அதற்குப் பதிலாக மாற்றி எடுத்துப்போன துணியின் விலையை விற்பனையில் திரும்பச் சேர்க்கக் கூடாது. குழந்தைச் சட்டை அளவு சரியில்லை என்று வந்தால் மட்டும் கழிக்க வேண்டாம், அது யார் தப்பும் இல்லை.

அந்த 6,000-இல் பாதியை, வேலைக்கு வந்த நாள் கணக்கில் பிரித்துவிடுங்கள். மீதி 3,000 உழைப்புக்கு. ஆளுக்கொரு பகுதியை ஒப்படைத்து, அடுக்கு ஒழுங்காக இருக்கிறதா, இருப்பு சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஆறு பேருக்கு நாலு வாரம், மொத்தம் 24 பங்கு. பங்குக்கு 125 ரூபாய். ஒரு வாரம் ஒருவர் கோட்டைவிட்டால் அந்த 125 கல்லாவுக்குப் போகக் கூடாது, அடுத்த மாதப் பொதுத்தொகையில் சேர வேண்டும். முதலாளிக்கு மிச்சம் என்றால் யாருக்கும் நம்பிக்கை வராது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. துணி திரும்பினால் பணம் குறையும் என்று தெரிந்ததும், "மாத்தறதெல்லாம் இல்லைங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஆகவே மாற்றிக் கொடுக்கும் வேலை கல்லாவில் இருப்பவர் கையில் இருக்கட்டும்; காரணத்தையும் அவரே சீட்டில் எழுதட்டும். பில்லில் விற்றவர் எண் இருந்தால், யார் விற்றது அதிகம் திரும்புகிறது என்று அந்தச் சீட்டே காட்டிக்கொடுக்கும்.

தேங்கிய சரக்கை விற்பவருக்கு 'உருப்படிக்கு இருபது ரூபாய்' என்று தனியாக வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்த இருபதை விலையில் குறைத்துவிடுங்கள்.

ஆடிக்கும் தீபாவளிக்கும் விற்பனை ஒன்றாக இருக்காது. எனவே இந்த முறையால் பலன் உண்டா என்று பார்க்க, இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தீபாவளி போனஸ் தனிக்கணக்கு; இந்தத் தொகையைக் காட்டி அதைக் குறைக்காதீர்கள்.