ஒரே எடை, ஒரே புரதம், ஆனால் சதவீதம் வேறு: உணவுக் கணக்கில் ஏன் "இத்தனை முதல் இத்தனை வரை"?

வணக்கம் மக்களே. இன்றைக்கு அடுக்களையில் இருந்தே பேசுகிறேன். தராசு, தொலி உளுந்து, அரிசி, தேங்காய் எல்லாம் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதற்கு வருவோம்.

சாப்பிடும் கலோரியில் 45 முதல் 65 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து, 20 முதல் 35 கொழுப்பில் இருந்து, 10 முதல் 35 புரதத்தில் இருந்து வரலாம். வயது வந்தவர்களுக்கு 2002-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அறிக்கை சொன்ன அளவு இது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் புரதம் 10 முதல் 15, கொழுப்பு 15 முதல் 30, மாவுச்சத்து 55 முதல் 75. இதைப் பார்த்ததும் பல பேர் கேட்பது ஒன்றுதான்: "எதுக்கு இந்த இழுவை? ஒரே நம்பராச் சொன்னா என்ன?"

சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்குக் கணக்குக்காக இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். அக்கா முக்கூடலில் இருக்கிறாள், பீடி சுற்றுகிறாள். காலையில் தட்டை மடியில் வைத்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்த இடம்தான். தங்கையைக் கட்டிக்கொடுத்தது சேரன்மகாதேவி பக்கம், பிசான நடவுக்குப் போகிறாள். இரண்டு பேருக்கும் எடை 55 கிலோ.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி, வயது வந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் நல்ல தரமான புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 55 கிலோவுக்குச் சுமார் 46 கிராம். அக்காவுக்கும் 46, தங்கைக்கும் 46. தசையும் தோலும் தேய்ந்து புதுப்பித்துக்கொள்வதற்கான அளவு இது. நாற்று நட்டாலும் பீடி சுற்றினாலும் இதில் பெரிய மாற்றம் வராது.

மாறுவது கலோரிதான். அதே அறிக்கை 55 கிலோ பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 1660 கலோரி, கடும் உடலுழைப்பு என்றால் 2720 கலோரி என்று வைக்கிறது. இப்போது வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் புரதம் 4 கலோரி, ஆக 46 கிராம் 184 கலோரி. அக்காவின் 1660-இல் 184 என்பது 11 சதவீதம். தங்கையின் 2720-இல் அதே 184 என்பது 7 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. தேவை ஒரு கிராம்கூட மாறவில்லை, சதவீதம் மட்டும் 11-க்கும் 7-க்கும் போய்விட்டது. அப்புறம் நடவு முடிந்து தங்கையும் இரண்டு மாதம் வீட்டு வேலையோடு இருந்தாள் என்றால், அவளுடைய சதவீதமும் அக்காவுடையதை ஒட்டி ஏறிவிடும். ஒரே உடம்புக்கே வருடம் முழுக்க ஒரு நம்பர் பொருந்தாது என்றால், ஒரு நாட்டுக்கே எப்படி ஒரு நம்பர் சொல்வது?

இதை அரிசியில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 100 கிராம் அரிசியில் சுமார் 356 கலோரி, 8 கிராம் புரதம். பேச்சுக்கு இரண்டு பேரும் வெறும் சோறு மட்டுமே சாப்பிடுவதாக வைப்போம். தங்கை 2720 கலோரிக்குச் சாப்பிட்டால் 61 கிராம் புரதம் உள்ளே போய்விடும். அக்கா 1660 கலோரிக்குச் சாப்பிட்டால் 37 கிராம்தான். அக்காவுக்கு 46 வேண்டும். ஒரே சோறு, ஒரே சதவீதம், ஒருத்திக்குக் கணக்கு நிறைகிறது, இன்னொருத்திக்கு 9 கிராம் குறைகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு என்பதால் தங்கைக்கும் பருப்பு வேண்டும், அதை மறக்க வேண்டாம். ஆனாலும் உழைப்பு குறைந்த வீட்டில்தான் குழம்பில் கிடக்கும் பருப்பின் அளவு ரொம்ப முக்கியம். நம்ம ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நினைக்கிறோம்: "வயல் வேலைக்குப் போறவளுக்குப் பருப்பு வை, வீட்ல இருக்கறவளுக்கு ரசம் போதும்" என்று. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, இப்போது தராசுக்கு வருவோம். உளுந்தஞ்சோறு, ஒரு ஆளுக்கு. அரிசி 75 கிராம், தொலி உளுந்து 30 கிராம். இந்த இரண்டையும் மட்டும் பார்த்தால் புரதம் 13 கிராம், மாவுச்சத்து 75 கிராம், கொழுப்பு ஒரு கிராம் அளவுக்கு. மொத்தம் சுமார் 360 கலோரி. அதில் புரதம் 14 சதவீதம், கொழுப்பு 3 சதவீதம்கூட இல்லை, மீதி 83 மாவுச்சத்து.

ஆனால் யாரும் அப்படி வைப்பதில்லையே. தேங்காய்த் துருவல் 20 கிராம் போடுகிறேன். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், அதில் எள் 10 கிராம். மேலே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், 5 கிராம். இப்போது புரதம் 16 கிராம், கொழுப்பு 18 கிராம், மாவுச்சத்து 77 கிராம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால் மொத்தம் சுமார் 535 கலோரி ஆகிவிட்டது. புரதம் 12 சதவீதம், கொழுப்பு 30, மாவுச்சத்து 58.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எள்ளும் தேங்காயும் சேர்ந்ததில் புரதம் 13-இல் இருந்து 16 கிராமாகக் கூடியிருக்கிறது. ஆனால் அதன் சதவீதம் 14-இல் இருந்து 12-க்கு இறங்கியிருக்கிறது. புரதம் குறையவே இல்லை, கூட வந்த கொழுப்பு மொத்தத்தைப் பெரிதாக்கிவிட்டது. மூன்றும் சேர்ந்து எப்போதும் 100 ஆக வேண்டும் என்பதால் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் நகரும். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் நகர இடம் விட்டிருக்கிறார்கள். முதலில் சொன்ன அமெரிக்க அறிக்கையின் கீழ் அளவுகளைக் கூட்டினால் 45, 20, 10, மொத்தம் 75. மீதி 25 நம் சமையலுக்கு. சொதிச் சாப்பாடு என்றால் அந்த 25-இல் பெரும்பகுதியைத் தேங்காய்ப்பால் எடுத்துக்கொள்ளும், கஞ்சியும் துவையலும் என்றால் அரிசி எடுத்துக்கொள்ளும். இது ஒரு வேளைக் கணக்கும் இல்லை, பல நாள் சராசரி. மறுவீட்டுச் சொதியை ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வரம்பு தாண்டிவிட்டதே என்று யாரும் பயப்பட வேண்டாம்.

அடுத்தது, இந்த வரம்புகளின் ஓரங்கள். எல்லா ஓரமும் ஒரே மாதிரி உறுதியானவை அல்ல.

புரதத்தின் மேல் ஓரம் 35. அதற்கு மேலே போனால் ஆபத்து என்று சோதித்துக் கண்டுபிடித்த எல்லையாகப் பலர் இதை நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 100-இல் மாவுச்சத்தின் கீழ் அளவு 45-ஐயும் கொழுப்பின் கீழ் அளவு 20-ஐயும் கழியுங்கள், 35 வருகிறது. மற்ற இரண்டுக்கும் இடம் விட்டது போக மிஞ்சியது, அவ்வளவுதான். ஆகவே "35 வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று புரதப் பவுடரை அள்ளிப் போடுவதற்கு அந்த எண் ஆதாரம் ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த வரம்பே பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் கிராம் அளவுதான்.

கொழுப்பின் கீழ் ஓரம் வேறு வகை. கொழுப்பை ரொம்பக் குறைத்து அந்த இடத்தை மாவுச்சத்தால் நிரப்பினால், பல பேருக்கு ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் இறங்குகிறது. இது பரிசோதனைகளில் பார்த்த விஷயம். சோறு அதிகமாகவும் நடை குறைவாகவும் இருக்கும் நம் வீடுகளுக்கு இந்த ஓரம்தான் முக்கியம் என்பேன். எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்று சொல்பவரின் லிப்பிட் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு கூடியிருந்தால், எண்ணெயை இன்னும் குறைப்பதற்கு முன்னால் தட்டில் சோறு எவ்வளவு என்று பாருங்கள்.

கொழுப்பின் மேல் ஓரம் 35 அதைவிட இளகியது. கொழுப்பு கூடக்கூட நிறைவுற்ற கொழுப்பும் மொத்தக் கலோரியும் சேர்ந்து கூடும் என்ற கவலையில் போட்ட கோடு அது. 34-இல் நல்லது, 36-இல் கெட்டது என்று எதுவும் இல்லை. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் அந்தக் காலத்தில் ஆலிவ் எண்ணெயோடு 40 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு சாப்பிட்டார்கள். ஜப்பானின் ஒகினாவாவில் 1940-களின் கடைசியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கே பிரதானம், மாவுச்சத்து 85 சதவீதம் பக்கம், கொழுப்பு 6. இரண்டுமே இன்றைய வரம்புக்கு வெளியே. இரண்டு ஊர்க்காரர்களும் நீண்ட ஆயுளுக்குப் பெயர் போனவர்கள். அவர்கள் உழைப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஆனாலும் ஒற்றை எண் சொல்ல நினைப்பவர் இவர்களில் யாரைத் தப்பு என்பார்?

குழந்தைகளுக்கு வரம்பே வேறு. 1 முதல் 3 வயது வரை கொழுப்பு 30 முதல் 40 சதவீதம். தாய்ப்பாலிலேயே கலோரியில் பாதியளவு கொழுப்புதான். சின்ன வயிற்றுக்குள் வளர்ச்சிக்கான கலோரி முழுவதும் போக வேண்டும், அதனால் பிள்ளைச் சாப்பாட்டில் நெய்யைக் குறைக்காதீர்கள்.

கடைசியாக, வரம்புக்குள் இருந்தும் குறைபடுகிற ஒருவர் உண்டு. வீட்டில் இருக்கும் ஆச்சி. எடை 45 கிலோ, சாப்பிடுவது 1300 கலோரி என்று வைப்போம். புரதம் 10 சதவீதம் இருக்கிறது, வரம்புக்குள்தான். கிராமில் பார்த்தால் 32 சொச்சம். 0.83 கணக்கிலேயே ஆச்சிக்கு 37 வேண்டும். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும் என்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள், அப்படியானால் 45. அதனால் வயதானவர்களுக்குச் சதவீதத்தில் தொடங்காமல் கிராமில் தொடங்குங்கள். ஆச்சியின் சோற்றில் 20 கிராம் அரிசியைக் குறைத்து ஒரு முட்டை வைத்தால் கலோரி ஏறாமல் 37-ஐத் தொட்டுவிடலாம். இன்னும் கொஞ்சம் சோற்றைக் குறைத்துவிட்டு, சாயங்காலம் 30 கிராம் கொண்டைக்கடலையை நன்றாக மசிய வேகவைத்துச் சுண்டலாகவும், ராத்திரி ஒரு டம்ளர் பாலும் கொடுத்தால் 45-ஐ நெருங்கிவிடும். அப்போது ஆச்சியின் புரதம் 14 சதவீதம் பக்கம் நிற்கும். நடவுக்குப் போகும் தங்கைக்கு வேண்டியதைப் போல அது இரண்டு மடங்கு.